“இதுக்கு அளவு சொல்லுங்க அக்கா”: ஒரு படத்தால் நான் பட்ட பாடு

போன ஆடி மாதம் ஒரு இரவு, வேலை முடித்து மெசினை மூடிய பிறகு போனைப் பார்த்தேன். களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு தங்கச்சி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தாள். ஏதோ சலூனில் இருந்த மேகசினை விரித்து வைத்து எடுத்த படம். நடுப்பக்கத்து மடிப்பு கவுனுக்குக் குறுக்கே ஓடியது, கால் பக்கம் வெட்டுப்பட்டிருந்தது. நிலம் வரைக்கும் வரும் நீளக் கவுன், முக்கால் கை, இடுப்பில் தையல். படத்துக்குக் கீழே ஒரே ஒரு வரி: “அக்கா இதுக்கு அளவு சொல்லுங்க.”

கல்லடியில் வீட்டிலேயே வைத்து பதினொரு வருசமாகத் தைக்கிறேன். இந்த வரியை எத்தனையோ பேர் அனுப்பியிருக்கிறார்கள், நானும் பதில் சொல்லியிருக்கிறேன். அதனால் இது ஒரு கேள்வி இல்லை, மூன்று கேள்வி என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. துணி எத்தனை மீட்டர் வேணும் என்பதும் அளவுதான். உடம்பில் எங்கெங்கே டேப் வைத்து எடுத்து அனுப்ப வேண்டும் என்பதும் அளவுதான். தானே வெட்டித் தைக்கப் போகிற ஆள் கேட்டால், கடுதாசியில் கோடு போடும் வெட்டு அளவும் அளவுதான். நான் முதலாவதை எடுத்துக்கொண்டேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, படம் அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் அடுத்த நாள் துணிக்கடைக்குப் போகிறவர்கள்.

சரி, படத்தைப் பார்த்து எப்படிக் கணக்குப் போட்டேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் கணக்கில் பிழை இல்லை. முதலில் இடுப்புத் தையலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுருக்கு இல்லை, மடிப்பு இல்லை, வழுவழு என்று இருந்தது. ஆனால் கீழே போகப் போக ஆழமான அலைகள். இடுப்பில் ஒன்றும் இல்லாமல் கீழே அவ்வளவு துணி விழுகிறது என்றால் அது வட்டமாக வெட்டியது, நாங்கள் அம்பரெல்லா வெட்டு என்று சொல்வது. சுருக்குப் பிடித்த கவுன் என்றால் அலை இடுப்பில் இருந்தே தொடங்கும், வயிற்றுப் பக்கம் கொஞ்சம் புடைத்தும் நிற்கும். பனல் பனலாக வெட்டியது என்றால் மேலிருந்து கீழே நேர்க்கோட்டுத் தையல்கள் தெரியும். படத்தில் அதுவும் இல்லை. ஆகவே முழுவட்டம்.

இவளுக்கு இரண்டு வருசத்துக்கு முதல் சுடிதார் தைத்திருந்தேன். கொப்பியைப் புரட்டினேன், மார்பு 34, இடுப்பு 28. முழுவட்டத்துக்கு இடுப்பை 6.28 ஆல் வகுத்தால் உள்வட்டத்தின் ஆரம் வரும். 28க்கு அது ஏறக்குறைய நாலரை அங்குலம். இடுப்பிலிருந்து நிலம் வரை 40, கீழ் மடிப்புக்கு 1. கூட்டினால் நாற்பத்தைந்தரை. முன்னுக்கு ஒரு அரைவட்டம், பின்னுக்கு ஒரு அரைவட்டம். ஒவ்வொன்றும் துணியின் நீளத்தில் 91 அங்குலம் பிடிக்கும், இரண்டும் சேர்ந்து 182, அதாவது 4.6 மீட்டர் அளவில். 58 அங்குல அகலத் துணியாக இருந்தால் அரைவட்டத்துக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு பட்டியும், வளைவின் மூலைகளில் நல்ல துண்டுகளும் மிஞ்சும். மேல்பகுதியும் கையும் அதிலேயே வந்துவிடும். எல்லாம் மனதில் ஓட்டிவிட்டு “அஞ்சு மீட்டர் தங்கச்சி” என்று அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

அகலத்தை எழுதவில்லை. என் மண்டைக்குள் 58 இருந்தது. மீட்டரை மட்டும் சொல்லி அகலத்தைச் சொல்லாமல் விடுவது, அரிசி எத்தனை சுண்டு என்று சொல்லிவிட்டு எத்தனை பேருக்கு என்று சொல்லாத மாதிரி. 44 அங்குலத் துணியில் அந்த அரைவட்டம் அடங்கவே அடங்காது, ஒட்டுப் போட வேண்டும். அப்புறம் யோசித்தால், அவளிடம் துணி இருக்கிறதா இல்லையா என்றுகூட நான் கேட்கவில்லை.

அவளிடமிருந்து உடனே “ஓம் அக்கா, அப்ப காணும்” என்று பதில் வந்தது. “காணும்” என்ற அந்தச் சொல்லில் நான் நின்றிருக்க வேண்டும். வாங்கப் போகிறவள் “சரி” என்பாள். கையில் வைத்திருக்கிறவள்தான் “காணும்” என்பாள்.

நாலு நாள் கழித்து பஸ்ஸில் பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே துணி இல்லை, அவளின் அம்மாவின் பட்டுச் சாறி. அரக்குச் சிவப்பு, ஒரு பக்கம் ஆறு அங்குலக் கரை, மறுபக்கம் இரண்டு அங்குலக் கரை, முந்தானையில் நிறையச் சரிகை. கூடவே அப்பியாசக் கொப்பிப் பக்கம் ஒன்றில் மார்பு 36, இடுப்பு 30 என்று தொடங்கி ஏழெட்டு அளவுகள். அழைத்துக் கேட்டேன். “அம்மாட சாறி அக்கா, அஞ்சரை மீட்டர் இரிக்கி. நீங்கதானே அஞ்சு மீட்டர் எண்டு சொன்னீங்க” என்றாள். குரலில் சந்தோசம். நான் என்ன சொல்ல?

கரை வைத்த சாறியை வட்டமாக வெட்ட முடியாது. ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், ஒரு கைலேஞ்சியில் வெட்டிப் பார்த்தாலே விளங்கும். கரை துணியின் ஓரத்தில் நேராக ஓடுகிறது. அரைவட்டத்தின் நேரான பக்கத்தை ஒரு ஓரத்தில் வைத்தால், வளைந்த பக்கம் மறு ஓரத்தை நடுவில் மட்டும்தான் தொடும். தைத்து முடித்தால் முன்பக்கம் நடுவில் மட்டும் வெள்ளரிக்காய்ச் சீவல் மாதிரிக் கரை தெரியும், பக்கங்களில் மொட்டையாக இருக்கும். மற்றக் கரை இடுப்பிலிருந்து கால் வரை பக்கத் தையலோடு நெடுக்காக ஓடும். கரையை இரண்டு பக்கமும் வெட்டி எறிந்தால் 45 அங்குல அகலத்தில் 37தான் மிச்சம், நீளம் கெண்டைக்காலோடு நின்றுவிடும். அம்மாவின் சாறியில் கரையை வெட்டவா?

அன்று பின்னேரம் பழுப்புக் கடுதாசியை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். கரை கீழே நேராக வர வேண்டும், இடுப்பில் சுருக்கு இருக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து வருவதற்கு ஒரே வழி பனல். பன்னிரண்டு பனல், ஒவ்வொன்றும் கீழே 12 அங்குலம், மேலே இரண்டரை. பனல் ஒடுக்கமாக இருந்தால் கீழ் ஓரத்தை வளைக்கத் தேவையில்லை. 40 அங்குல நீளத்தில் நடுக்கோட்டுக்கும் பக்கக் கோட்டுக்கும் வித்தியாசம் கால் அங்குலத்தைக் கொஞ்சம்தான் தாண்டும், எனவே கரையை நேராகவே விட்டுவிடலாம். தையலுக்கு ஒன்று சேர்த்து ஒரு பனலுக்குச் சாறியின் நீளத்தில் 13 அங்குலம். பன்னிரண்டுக்கு 156, ஏறக்குறைய நாலு மீட்டர். மிச்சம் ஒன்றரை மீட்டரில் மேல்பகுதியும் கையும். இரண்டு கரையும் ஒரே அகலமாக இருந்திருந்தால் பனலைத் தலைகீழாக மாற்றி மாற்றி வைத்துத் துணியை இன்னும் மிச்சம் பிடித்திருக்கலாம், இதில் அது நடக்காது.

அவளுக்கு வரைந்து படம் எடுத்து அனுப்பினேன். படத்தில் இருக்கிற மாதிரி அலை வராது, கொஞ்சம் விறைப்பாக நிற்கும், தையல் கோடு தெரியும் என்று குரல் பதிவில் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் பதில் இல்லை. பிறகு “அம்மாட கரை வந்தாக் காணும் அக்கா” என்றாள். நிம்மதிப் பெருமூச்சோடு நான் அளவுக் கடுதாசியைக் கையில் எடுத்தேன். பெரிய பிழை விட்டது அங்கேதான்.

கொப்பியில் மார்பு 34. கடுதாசியில் 36. வழக்கமாக உடம்பின் அளவுக்கு மேலே இரண்டு அங்குலம் லூஸ் விட்டுத்தான் சட்டை தைப்போம். 34 உடம்பு, 36 சட்டை. அப்படியென்றால் இவள் நான் தைத்துக் கொடுத்த சுடிதாரை விரித்து அளந்து அனுப்பியிருக்கிறாள் என்று நானே முடிவு கட்டினேன். இடுப்பும் அதே மாதிரி 28க்கு 30 என்று பொருந்தியது. இவ்வளவு அழகாகப் பொருந்துகிற கணக்கு பிழையாக இருக்கும் என்று யார் நினைப்பார்? லூஸ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்று எண்ணி, ஒன்றும் கூட்டாமல் அப்படியே 36க்கு வெட்டினேன். அதோடு இன்னொரு கஞ்சத்தனமும் செய்தேன். பக்கத் தையலில் வழக்கமாக உள்ளே ஒரு அங்குலம் விடுவேன். முந்தானைச் சரிகையைக் கைக்கு எடுப்பதற்காக இந்த முறை அரை அங்குலம்தான் விட்டேன்.

கவுனைப் போட இருந்த கலியாணத்துக்கு ஆறு நாள் இருக்கப் போட்டுப் பார்க்க வந்தாள். வாசலில் கண்டதுமே என் நெஞ்சு திக்கென்றது. ஆள் கொஞ்சம் பூசினாற் போல இருந்தாள். 36 என்பது அவளின் உடம்பு. சிப் பாதியில் நின்றது. மார்புக்குக் குறுக்கே துணி இழுபட்டுக் கோடு கோடாக விழுந்தது, கை தூக்கினால் முதுகுத் தையல் விரிந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் வெட்கமாக இருந்தது. பிழை என்னுடையது, உள்ளே இழுத்தது அவள்.

அப்போதுதான் கேட்டேன், அன்றைக்கு அளவு சொல்லுங்க என்று ஏன் அனுப்பினாய் என்று. “என்னென்ன அளவு எடுத்து அனுப்பணும் எண்டுதான் கேட்டன் அக்கா. நீங்க அஞ்சு மீட்டர் எண்டு போட்டீங்க. சாறி காணுமெண்டு நானும் விட்டுட்டன். மறுகா அம்மாதான் டேப்பப் புடிச்சி எடுத்தா.” இரண்டு பிழைக்கும் பதில் அந்த முதல் வரிக்குள்ளேயே இருந்திருக்கிறது.

பாவாடைப் பக்கம் தப்பிவிட்டது. பனலின் நல்ல குணம் அது. ஒவ்வொரு தையலிலும் இரண்டு பக்கமும் அரைக்கால் அங்குலம் விட்டாலே ஒரு தையலுக்குக் கால் அங்குலம் கூடும், பன்னிரண்டு தையலுக்கு மூன்று அங்குலம். எனக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான், நாலு தையலை மேலே ஐந்தாறு அங்குலம் பிரித்துத் தைத்ததில் சரி வந்தது. மேல்பகுதியை அப்படிச் செய்ய முடியவில்லை. இரண்டு அங்குலம் வேண்டும், உள்ளே இருந்ததோ அரை அங்குலம், அதையும் ஓவர்லாக் ஓட்டி முடித்திருந்தேன். பட்டில் பிரித்த இடத்தில் ஊசித் துளை வேறு வரிசையாகத் தெரியும், அயன் பிடித்தாலும் போகாது. கைகள் மட்டும் தப்பின, அவற்றை நல்ல லூசாகவே வெட்டியிருந்தேன்.

அடுத்த நாள் பாலம் தாண்டி டவுனுக்குப் போய் மூன்று கடை ஏறினேன். சாறியின் சிவப்புக்குப் பொருந்தவில்லை. பொருந்தாத சிவப்பை விட வேறு நிறமே மேல் என்று கரையில் இருந்த பச்சையில் ரோ சில்க் ஒன்றேகால் மீட்டர் வாங்கினேன், 2,250 ரூபா. லைனிங் 450, ஓட்டோ 600. எல்லாம் என் கைக்காசு. தையல்கூலி 6,500 என்று பேசியிருந்தோம், அதில் 1,500 நானாகக் குறைத்தேன். கணக்குப் பார்த்தால் ஒன்பது நாள் வேலைக்கு என் கையில் மிஞ்சியது 1,700 ரூபா. மேல்பகுதியைத் திரும்பத் தைத்த மூன்று நாளில் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூடச் சட்டைகள் பிந்தி, இன்னொரு தாயிடம் வாங்கிக் கட்டியது தனி. இதெல்லாம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்று அப்போது நிறைய நினைத்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது படம் வந்தால் மீட்டரும் சொல்வதில்லை, விலையும் சொல்வதில்லை. இரண்டு கேள்விதான் திருப்பி அனுப்புவேன். “துணி கையில இருக்கா, இனித்தான் வாங்கணுமா?” “நான் தைக்கவா, நீங்களே வெட்டப் போறீங்களா?” இந்த இரண்டுக்கும் பதில் வந்தால் மூன்று அளவில் எது என்று தானாகத் தெரிந்துவிடும். துணி கையில் இருந்தால் அதை விரித்து, கரை தெரியப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன், அகலத்தை டேப் வைத்துக் காட்டச் சொல்வேன். இனித்தான் வாங்க வேண்டும் என்றால் மீட்டரை அகலத்தோடு சேர்த்தே எழுதுவேன்: “58 அகலம் என்டால் அஞ்சு, 44 எடுக்கவே வேணாம்.” இரண்டாவது கேள்வி போன கிழமைகூட உதவியது. அக்கரைப்பற்றில் இருந்து ஒருவர் குழந்தைக் கவுன் படம் ஒன்று அனுப்பியிருந்தார், நான் கேட்ட பிறகுதான் தெரிந்தது அவரும் தைக்கிறவர், கழுத்து வளைவை எப்படி வெட்டுவது என்பதுதான் அவருடைய சந்தேகம். பழைய நான் என்றால் அவருக்கும் இரண்டு மீட்டர் என்று அனுப்பியிருப்பேன்.

அளவு எடுத்து அனுப்பச் சொல்லும்போது ஒன்றுக்கு இரண்டாகக் கேட்கிறேன். உடம்பில் எடுத்தது ஒன்று, அவர்களுக்கு நன்றாகப் பொருந்துகிற சட்டை ஒன்றை மேசையில் விரித்து எடுத்தது ஒன்று. சட்டையில் கக்கத்துக்குக் கக்கம் அளந்து இரண்டால் பெருக்கினால் சட்டையின் மார்பளவு. உடம்பு 36 என்றால் நீட்டுப்படாத துணிச் சட்டை 38, 39 என்று வர வேண்டும். இரண்டும் ஒரே எண்ணாக வந்தால், அல்லது உடம்பு சட்டையை விடப் பெரிதாக வந்தால், எங்கோ டேப் பிழைத்திருக்கிறது, கத்தரிக்கோலைத் தொட மாட்டேன். இடுப்பு எங்கே என்பதிலும் எல்லோருக்கும் குழப்பம். சிலர் பாவாடை கட்டுகிற இடத்தில் எடுப்பார்கள், சிலர் தொப்புளில். ஒரு நாடாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் வளையச் சொல்வேன், உடம்பு மடிகிற இடத்தில் நாடா தானாகப் போய் நிற்கும். அதிலேயே அளவு, பின்கழுத்து எலும்பிலிருந்து அந்த நாடா வரை முதுகு நீளம், நாடாவிலிருந்து நிலம் வரை பாவாடை நீளம். நீளம் எடுக்கும்போது அன்றைக்குப் போடப்போகிற செருப்பு காலில் இருக்க வேண்டும். பழைய கொப்பியை இப்போதும் வைத்திருக்கிறேன், ஆனால் அளவுக்குப் பக்கத்தில் திகதி எழுதுகிறேன்.

படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேகசின் படத்தில் நிற்கிற பெண்ணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. படம் பிடிக்கும்போது லூசான உடுப்பை முதுகில் கிளிப் போட்டு இழுத்துவிடுவது வழக்கம், அதனால் முன்னால் தோலோடு ஒட்டினாற் போலத் தெரியும். அதை நம்பி அதே இறுக்கத்துக்கு வெட்டினால் போட்டுக்கொண்டு உட்கார முடியாது. சிப் எங்கே, முதுகு எவ்வளவு இறக்கம், பின்பக்கமும் வட்டமா இல்லையா, எதுவும் படத்தில் இல்லை. அதை வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன், நானாக நிரப்புவதில்லை.

கவுனைக் கடைசியில் அவள் போட்டாள். சிவப்புப் பாவாடை, பச்சை மேல்பகுதி, முந்தானைச் சரிகைக் கை. கலியாண வீட்டில் எடுத்த படத்தை அனுப்பினாள், கரை நிலத்தோடு நேராக ஓடியது, பன்னிரண்டு தையலிலும் கரைக்குக் கரை சந்தித்திருந்தது. மேகசின் படத்தோடு ஒப்பிட்டால் ஒரு சம்பந்தமும் இல்லை. பிழைத்த மேல்பகுதி என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.

போன மாதம் திரும்பவும் அவளிடமிருந்து ஒரு படம். இந்த முறை கீழே நீளமாக எழுதியிருந்தாள்: “அக்கா துணி இன்னும் வாங்கல்ல. நீங்கதான் தைக்கணும். உடம்பளவும் சட்டையளவும் ரெண்டும் எடுத்து வெச்சிரிக்கன், செருப்பும் போட்டுத்தான் எடுத்தன். மீட்டர மட்டும் சொல்லுங்க, அகலத்தோட.” படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பெண் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தாள், இடுப்புத் தையல் அவள் கைக்குள் மறைந்திருந்தது. “நிற்கிற படம் வேற இருக்கா தங்கச்சி?” என்று அனுப்பினேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.